குறளுக்கு எண் போடுவது எப்படி: பால், இயல், அதிகாரம், வரிசை

கேள்வி: கட்டுரையில் திருக்குறளை மேற்கோள் காட்டும்போது பால், இயல், அதிகாரம், எண் எல்லாம் போட வேண்டுமா, எண் மட்டும் போதுமா? 788-ஆம் குறளுக்கு ஒரு புத்தகத்தில் 'அங்கவியல்' என்றும் இன்னொன்றில் 'நட்பியல்' என்றும் இருக்கிறது. எது சரி?

அதிகாரத்தின் பெயரும் குறள் எண்ணும் போட்டால் போதும். 'நட்பு, குறள் 788' என்று எழுதினால் உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் தன் கையில் உள்ள பதிப்பில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பால் பெயரைச் சேர்ப்பது நல்லது. ஓர் இடத்தில் அது கட்டாயமாகவே தேவைப்படுகிறது, அதைக் கீழே சொல்கிறேன். இயல் பெயரை விட்டுவிடலாம். நீங்கள் பார்த்த இரண்டு புத்தகங்களுமே சரிதான். குறளின் முகவரியில் உள்ள நான்கு உறுப்புகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பாலும் அதிகாரமும் நிலையாக நிற்பவை. இயல் ஆளுக்கு ஆள் மாறும். எண் நிலையானது போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஓர் உரைகாரரின் வரிசை.

முதலில் கணக்கு. மொத்தம் 133 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் பத்துக் குறள், ஆக 1330. அறத்துப்பாலில் 38 அதிகாரங்கள், பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. எனவே 1 முதல் 380 வரை அறத்துப்பால், 381 முதல் 1080 வரை பொருட்பால், 1081 முதல் 1330 வரை காமத்துப்பால். கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட சிலையின் உயரம் 133 அடி என்பது பலருக்குத் தெரியும். அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி என்று பிரித்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அறத்துப்பாலின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற கணக்கு அது. எல்லைகள் மறந்துபோனால் அந்தச் சிலையை நினைத்துக்கொண்டால் போதும்.

பத்துப் பத்தாக இருப்பதால் எண்ணிலிருந்து அதிகாரத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கடைசி இலக்கத்தை நீக்கிவிட்டு, மீதியோடு ஒன்றைக் கூட்டுங்கள். 788-இல் 8-ஐ நீக்கினால் 78, ஒன்று கூட்டினால் 79. 79-ஆம் அதிகாரம் நட்பு, அதில் எட்டாம் குறள் 'உடுக்கை இழந்தவன் கைபோல'. கடைசி இலக்கம் பூச்சியமாக இருந்தால் மட்டும் ஒன்று கூட்டக் கூடாது. அது அந்த அதிகாரத்தின் பத்தாம் குறள். 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்பது 620. அது 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள். அடுத்த எண்ணான 621, 'இடுக்கண் வருங்கால் நகுக', 63-ஆம் அதிகாரமான இடுக்கணழியாமையின் முதல் குறள். இரண்டுமே விடாமுயற்சி பற்றிய பேச்சுகளில் ஒன்றாக வருபவை என்பதால் 620-ஐயும் இடுக்கணழியாமையில் சேர்த்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

எதிர்த்திசையில் போகும்போதுதான் பிழை அதிகம். சிலர் விவிலியத்துக்கு அதிகாரமும் வசனமும் போடுவது போலக் குறளுக்கும் '32:4' என்று போடுகிறார்கள். 32-ஆம் அதிகாரத்தின் நான்காம் குறள் என்று பொருள். இந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் பார்த்து எழுதும் இன்னொருவர் நடுவில் உள்ள புள்ளிகளை விட்டுவிட்டு 'குறள் 324' என்று எழுதிவிடுகிறார். 32-ஆம் அதிகாரம் இன்னா செய்யாமை, அதன் நான்காம் குறள்:

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயஞ் செய்து விடல்.

இதன் எண் 314. அதிகார எண்ணில் ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்கி, குறளின் இடத்தைக் கூட்ட வேண்டும்: (32 − 1) × 10 + 4 = 314. 324 என்று தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது 33-ஆம் அதிகாரமான கொல்லாமையில் உள்ள 'நல்லாறு எனப்படுவது யாதெனின்' என்ற குறள். இந்தப் பிழையில் எண் சரியாகப் பத்து கூடியிருக்கும். ஒரு கட்டுரையில் உள்ள எண் பொருந்தவில்லை என்றால் முதலில் பத்தைக் கழித்துப் பாருங்கள், பாதி நேரம் குறள் அங்கே இருக்கும்.

அதிகாரப் பெயரையும் எண்ணையும் சேர்த்தே போடச் சொல்வது இதனால்தான். 'குறள் 324' என்று மட்டும் இருந்தால் அது பிழை என்று தெரிய வழியே இல்லை, ஏனென்றால் 324 என்று ஒரு குறள் இருக்கிறது. 'இன்னா செய்யாமை, 324' என்று இருந்தால், அந்த அதிகாரம் 311-இல் தொடங்கி 320-இல் முடிகிறது என்று தெரிந்தவர் புத்தகத்தைத் திறக்காமலே பிழையைப் பிடித்துவிடுவார். அச்சுக் கோப்பில் 423 என்பது 432 ஆகிவிட்டாலும் அதிகாரப் பெயர் காட்டிக் கொடுக்கும்.

இனி இயல். அறத்துப்பாலில் பெரிய சண்டை இல்லை. பாயிரம் 4 அதிகாரம், இல்லறவியல் 20, துறவறவியல் 13, ஊழியல் 1. இந்தக் கணக்கை, குறளைப் புகழும் பழைய பாடல் தொகுப்பான திருவள்ளுவமாலையில் உள்ள ஒரு வெண்பாவே எண்ணிச் சொல்கிறது. பொருட்பாலில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. பரிமேலழகர் அதை மூன்றாகப் பிரிக்கிறார். அரசனைப் பற்றிய 25 அதிகாரங்கள் அரசியல் (39 முதல் 63 வரை). அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்று அரசுக்கு உறுப்பாக வருபவை பற்றிய 32 அதிகாரங்கள் அங்கவியல் (64 முதல் 95 வரை). மிஞ்சிய 13 ஒழிபியல் (96 முதல் 108 வரை). திருவள்ளுவமாலையின் இன்னொரு வெண்பா அதே எழுபதை ஏழாக எண்ணுகிறது: அரசியல் 25, அமைச்சியல் 10, அரணியல் 2, கூழியல் 1, படையியல் 2, நட்பியல் 17, குடியியல் 13.

கூட்டிப் பாருங்கள். 10, 2, 1, 2, 17 சேர்ந்தால் 32. பரிமேலழகர் அங்கவியல் என்று ஒரே பெயர் வைத்ததை மற்ற கணக்கு ஐந்து துண்டாக்கிப் பெயர் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒழிபியலுக்கும் குடியியலுக்கும் எல்லை ஒன்றே, பெயர்தான் வேறு. எந்த அதிகாரமும் இடம் மாறவில்லை, எந்தக் குறளின் எண்ணும் மாறவில்லை. பரிமேலழகர் உரைப் பதிப்பை வைத்து எழுதுகிறவர் 788-க்கு அங்கவியல் என்று போடுவார். ஏழு இயல் முறையைப் பின்பற்றும் பதிப்பை வைத்திருப்பவர் நட்பியல் என்று போடுவார். காமத்துப்பாலிலும் இதே கதைதான். பரிமேலழகருக்குக் களவியல் 7, கற்பியல் 18; திருவள்ளுவமாலை வெண்பா ஒன்றுக்கு ஆண்பால் 7, பெண்பால் 12, இருபாலுக்கும் பொதுவாக 6.

இயல்பெயரைப் போடுவதால் குறளைத் தேடிப் போகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது என் கருத்து. எண் தெரிந்தால் குறள் கிடைத்துவிடும். இயல் தெரிந்தால் முப்பது அதிகாரங்களில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். உங்கள் வாதமே இயலைப் பற்றியது என்றால் மட்டும் போடுங்கள். அப்போதும் 'பரிமேலழகர் பகுப்பில் அங்கவியல்' என்று யாருடைய பகுப்பு என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆசிரியரோ இதழோ இயல் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு பகுப்பைத் தேர்ந்துகொண்டு கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தில் அங்கவியலும் அடுத்த பக்கத்தில் அமைச்சியலும் வந்தால், நீங்கள் எங்கெங்கிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

எண் யாருடையது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பழைய காலத்தில் குறளை எண் சொல்லி யாரும் மேற்கோள் காட்டியதில்லை. மணிமேகலையின் சிறைசெய் காதையில் ஒரு பூதம் மருதி என்ற பெண்ணிடம் பேசும்போது 'தெய்வம் தொழாஅள்' என்ற குறளை ஏறக்குறைய முழுதாகச் சொல்லி, 'பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்று கேட்கிறது. ஆசிரியருக்கு ஓர் அடைமொழி, பிறகு குறளின் சொற்கள், அவ்வளவே மேற்கோள். கேட்பவருக்குக் குறள் மனப்பாடம் என்ற நம்பிக்கையில் நடக்கும் முறை இது. பல நூற்றாண்டுகள் கழித்து, சென்னை இராயப்பேட்டையில் எல்லிஸ் துரை 1818-இல் வெட்டிய கிணற்றுக் கல்வெட்டில் 'இருபுனலும் வாய்ந்த மலையும்' என்ற குறள் வருகிறது. அங்கேயும் வள்ளுவர் பெயரும் குறளும்தான், எண் இல்லை. இன்று நாம் அதை 737 என்கிறோம், நாடு என்ற 74-ஆம் அதிகாரத்தின் ஏழாவது. திருக்குறள் மூலம் அச்சாகி அப்போது ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முதல் அச்சுப் பதிப்பு 1812.

ஒன்றிலிருந்து 1330 வரை தொடர்ச்சியாக எண் போடுவது அச்சுப் புத்தகத்தோடு வேரூன்றிய பழக்கம். எண் போட வேண்டும் என்றால் ஒரு வரிசை வேண்டும். அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது பரிமேலழகரின் வரிசை. குறளுக்கு உரை எழுதியவர்கள் பதின்மர் என்று ஒரு வெண்பா பட்டியல் இடுகிறது. அவர்களில் மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் ஆகியோரின் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பரிமேலழகர் ஓர் அதிகாரத்தைத் தொடங்கும்போது அது ஏன் முந்திய அதிகாரத்துக்குப் பிறகு வைக்கப்பட்டது என்று காரணம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அவருக்கு வரிசையே ஒரு வாதம். அவர் உரை மற்றவற்றை மறைக்கும் அளவுக்குப் பரவியதால் அவர் வரிசையே நூலின் வரிசை என்று நிலைத்துவிட்டது. கடைகளில் கிடைக்கும் தற்கால உரைகளும், பரிமேலழகரோடு பொருளில் முரண்படுபவை உட்பட, பெரும்பாலும் அவர் வரிசையில்தான் எண் இடுகின்றன.

மணக்குடவர் உரையைப் புரட்டினால் இது உறைக்கும். அவர் பதின்மரில் முந்தியவராகக் கருதப்படுபவர். அவருடைய அறத்துப்பால் உரையை வ.உ.சி. 1917-இல் பதிப்பித்தார். அதில் அதிகாரத்துக்குள் குறள்கள் பல இடங்களில் வேறு வரிசையில் நிற்கின்றன. அறத்துப்பாலில் சில அதிகாரங்களின் வரிசையும் வேறு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பது மட்டும் மாறவில்லை. ஆகவே மணக்குடவர் பதிப்பிலிருந்து 'இந்த அதிகாரத்தில் மூன்றாவது' என்று எண்ணி எடுத்து, அதைக் குறள் எண்ணாக மாற்றினால் தவறான குறளில் போய் நிற்பீர்கள். அப்படிப்பட்ட பதிப்பைப் பயன்படுத்தும்போது குறளின் முதற்சீரை வைத்து வழக்கமான எண்ணைத் தனியாகக் கண்டுபிடித்துப் போடுங்கள். உரைப் பதிப்பின் பக்க எண்ணைக் கூடவே சொல்லுங்கள்.

அதிகாரத் தலைப்பும் ஓரிரு இடங்களில் மாறும். ஏழாம் அதிகாரம் பரிமேலழகர் பதிப்பில் 'புதல்வரைப் பெறுதல்', பல பதிப்புகளில் 'மக்கட்பேறு'. உள்ளே இருப்பவை அதே 61 முதல் 70 வரையிலான குறள்கள். இதே போல மூன்றாம் பால் சிலருக்குக் காமத்துப்பால், சிலருக்கு இன்பத்துப்பால். இவற்றில் எதைப் போட்டாலும் தேடுபவருக்குக் குழப்பம் வராது, எண் கூடவே இருக்கும் வரை.

இதையெல்லாம் ஒரு குறளை வைத்துப் பார்த்துவிடலாம். உங்கள் கட்டுரையில் 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற அடியை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் அதிகம் கேட்கும் அடி இது. இதற்கு எண் என்ன? இரண்டு உண்டு.

எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு.

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு.

முதலாவது 355. கடைசி 5-ஐ நீக்கி ஒன்று கூட்டினால் 36, மெய்யுணர்தல். 380-க்குக் கீழே இருப்பதால் அறத்துப்பால். இரண்டாவது 423. அதிகாரம் 43, அறிவுடைமை. 381-க்கும் 1080-க்கும் இடையில் இருப்பதால் பொருட்பால். இரண்டின் இரண்டாம் அடியும் எழுத்து மாறாமல் ஒன்று. முதற்சீரும் ஒன்று, 'எப்பொருள்'. ஆகவே புத்தகத்தின் பின்னால் உள்ள முதற்குறிப்பு அகராதியில் முதல் சொல்லை மட்டும் பார்த்து எண்ணை எடுத்தால் ஏமாறுவீர்கள். இரண்டாவது சீர் 'எத்தன்மைத்' என்பதா 'யார்யார்வாய்க்' என்பதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாதி அடியை மட்டும் மேற்கோள் காட்டினால், நீங்கள் போடும் எண் ஒன்றுதான் எந்தக் குறளைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்குச் சொல்லும்.

எந்த எண் என்பதில் பொருளும் அடங்கியிருக்கிறது. 355 துறவியின் பகுதியில் வருகிறது. பரிமேலழகர் அதற்கு ஒரு சேர அரசனின் நீண்ட பெயரை எடுத்துக்கொண்டு, அரசன் என்பது ஒன்று, சேரமான் என்ற குடி ஒன்று, யானையின் பார்வை உடையவன் என்ற வடிவு ஒன்று என்று அந்தப் பெயருக்குள் கற்பனையாக அடுக்கியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டி, அடியில் நிற்கும் உண்மையைக் காண்பதே மெய்யுணர்வு என்கிறார். 423 அரசனின் பகுதியில் வருகிறது. அங்கே அவர் சொல்வது, நல்ல பொருள் பகைவன் வாயிலிருந்தும் கெடுக்கும் பொருள் நண்பன் வாயிலிருந்தும் சில நேரம் வரக்கூடும், ஆகவே சொன்னவன் யார் என்று பார்க்காதே, சொன்னது என்ன என்று பார் என்பது. செய்தித்தாளில் வந்த வதந்தியைப் பற்றி எழுதும் கட்டுரைக்கு வேண்டியது 423. அதற்கு 355 என்று போட்டு வைத்தால், எண்ணைப் பின்பற்றி உரைக்குப் போகிறவர் வதந்தியைத் தேடிப் போய்ச் சேரமானிடம் நிற்பார். இதையே அதிகார-வரிசை முறையில் எழுதினால் 36:5, 43:3. புள்ளிகளை விழுங்கி 365, 433 என்று ஆக்கிவிட்டால் முதலாவது அவாவறுத்தலிலும் இரண்டாவது குற்றங்கடிதலிலும் போய் விழும். மேலே சொன்ன அதே பத்து.

இந்தக் குறளை இணையத்தில் தேடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. குறள் ஏழு சீர் கொண்டது, முதலடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. சீர் முறிப்படி அச்சிட்டால் 'தாயினும்', 'காண்ப தறிவு' என்று வரும். படிக்க எளிதாகச் சந்தி பிரித்து அச்சிட்டால் 'எத்தன்மைத்து ஆயினும்', 'காண்பது அறிவு' என்று வரும். நீங்கள் ஒரு வடிவத்தைத் தட்டச்சு செய்து, தளத்தில் மற்ற வடிவம் இருந்தால் 'இல்லை' என்று காட்டும். சந்தியால் உடையாத சொல் ஒன்றைத் தேர்ந்து தேடுங்கள், இங்கே 'மெய்ப்பொருள்'. அதைத் தேடினால் 355-உம் 423-உம் வரும், 356-உம் வரும், ஏனென்றால் அதிலும் 'மெய்ப்பொருள் கண்டார்' என்று இருக்கிறது. கட்டுரையில் எந்த வடிவத்தில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். ஆய்வுக் கட்டுரையில் சீர் முறியை விடாமல் இரண்டு அடியாக எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். உரைநடையின் நடுவே ஓடவிடும்போது பிரித்து எழுதினால் குற்றம் இல்லை.

பால் பெயர் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு என்றேன். 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு திருக்குறளில் இரண்டு முறை வருகிறது. பொருட்பாலில் 71-ஆம் அதிகாரம் குறிப்பறிதல். அது அரசனின் முகம் பார்த்து மனம் அறியும் அமைச்சனைப் பற்றியது. காமத்துப்பாலில் 110-ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். அது காதலியின் பார்வையைப் படிக்கும் காதலனைப் பற்றியது. யாராவது 'குறிப்பறிதல், 4' என்று எழுதினால் அது 704 ஆகவும் இருக்கலாம், 1094 ஆகவும் இருக்கலாம். 704 'குறித்தது கூறாமைக் கொள்வாரோடு' என்று அமைச்சனின் திறமையைப் பேசுகிறது. 1094, 'யான்நோக்குங் காலை நிலன்நோக்கும்', நான் பார்த்தால் அவள் தரையைப் பார்ப்பாள், நான் பார்க்காதபோது என்னைப் பார்த்து மெல்லச் சிரிப்பாள் என்கிறது. நிர்வாகவியல் கட்டுரையில் இது தவறி வந்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். அதிகாரப் பெயரும் அதிகாரத்துக்குள் இருக்கும் இடமும் மட்டும் போடுகிறவர்கள் இங்கே பால் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். முழுக் குறள் எண்ணைப் போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் எழுதும் வடிவம் என்ன? கட்டுரையின் உள்ளே அடைப்புக்குறிக்குள் போடுவதென்றால் '(குறள் 423, அறிவுடைமை)' போதும். அடிக்குறிப்பில் முழுதாக எழுத வேண்டும் என்றால் 'திருக்குறள், பொருட்பால், அறிவுடைமை, 423'. பெரியதிலிருந்து சிறியதற்குப் போகும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பொருட்பாலைப் 'பொருள்பால்' என்று எழுதாதீர்கள். 36:5 போன்ற வடிவத்தை உங்கள் இதழ் கேட்டால், முதல் இடத்தில் மட்டும் 'அதிகாரம் 36, குறள் 5' என்று விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்குங்கள். இரண்டு முறைகளையும் ஒரே கட்டுரையில் கலந்தால் '36:5' எது, '365' எது என்று நீங்களே பின்னால் தடுமாறுவீர்கள். பக்க எண் மூலக் குறளுக்குத் தேவையில்லை. உரையை மேற்கோள் காட்டினால் தேவை.

உரை என்று வரும்போது குறள் எண் மட்டும் போதாது, உரைகாரர் பெயரும் வேண்டும். குறள் 37 இதற்கு நல்ல உதாரணம்:

அறத்தா றிதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோ டூர்ந்தா னிடை.

பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் கண்ணால் பார்த்தாலே அறத்தின் பயன் தெரிந்துவிடும், நூல் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பது பரிமேலழகரின் வழி. அந்த இருவரையும் காட்டி 'அறத்தின் வழி இதுதான்' என்று சொல்லிவிடாதே என்று நேர் எதிராகப் பொருள் கொள்ளும் தற்கால உரைகளும் உண்டு. 'வள்ளுவர் சொல்கிறார் (குறள் 37)' என்று எழுதி, இவற்றில் ஒரு பொருளை மட்டும் கீழே போட்டால் எண் சரியாக இருந்தும் மேற்கோள் அரைகுறைதான். 'குறள் 37, பரிமேலழகர் உரை' என்று எழுதினால் பொருளுக்குப் பொறுப்பு யாருடையது என்று தெரியும்.

எண்ணே கிடைக்காத 'குறள்'களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அழைப்பிதழ்களிலும் பகிர்வுகளிலும் 'அறம் செய விரும்பு', 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' ஆகியவை வள்ளுவர் பெயரில் வந்து பார்த்திருக்கிறேன். முதலாவது ஆத்திசூடி, இரண்டாவது கொன்றை வேந்தன், இரண்டும் ஔவையார் பெயரில் வழங்குபவை. ஏழு சீர் தேறுகிறதா என்று எண்ணிப் பார்த்தால் இவை உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் யாப்புத் தெரிந்த யாரோ புதிதாகக் கட்டிய ஈரடி ஏழு சீர் கணக்கில் தேறிவிடும். அதை 133 அதிகாரங்களில் எதிலாவது காட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை. எண் இல்லாமல் வரும் குறளை எண் கிடைக்கும் வரை கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, கட்டுரையில் மற்ற நீதி நூல்களும் வருமானால் வெறும் எண்ணை நம்பாதீர்கள். நாலடியாரும் அதிகாரத்துக்குப் பத்தாக, 40 அதிகாரங்களில் 400 பாடல்கள். கணக்கு முறை அப்படியே பொருந்தும், அதனால்தான் ஆபத்து: '(131)' என்று மட்டும் இருந்தால் அது குறளில் ஒழுக்கமுடைமையின் முதல் குறள், நாலடியாரில் கல்வி அதிகாரத்தின் முதல் பாட்டு. ஒவ்வொரு முறையும் 'குறள் 131', 'நாலடி. 131' என்று நூற்பெயரை முன்னால் ஒட்டி எழுதுங்கள்.